வெயிலின் காந்தப்புலத்தைப் போன் காட்டுமா? 910 வாட்டிலிருந்து ஒரு கணக்கு

தாராபுரம்_சோலார்

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு சோலார் சைட்டில் வேலை செய்கிறேன். தங்கச்சி +2 படிக்கிறாள். ஒளியின் செறிவு தெரிந்தால் அதன் மின்புலமும் காந்தப்புலமும் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் கணக்கு அவளுக்கு வந்தது. புத்தகத்து எண்ணை விட்டுவிட்டு எங்கள் சைட்டு வெயிலையே வைத்துப் போடலாம் என்று உட்கார்ந்தோம்.

ஏப்ரல் 18 மத்தியானம் 12:20. அந்த நேரத்தில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. படுக்கை வசமாக வைத்திருக்கும் பைரனோமீட்டர் சதுர மீட்டருக்கு 910 வாட் காட்டியது. போட்ட கணக்கு இது:

```
I  = E0² / (2 μ0 c)        μ0 c = 376.7 Ω
E0 = √(2 × 376.7 × 910) = 828 V/m
B0 = E0 / c = 828 / (3 × 10⁸) = 2.76 × 10⁻⁶ T
```

அதாவது காந்தப்புலம் 2.76 மைக்ரோ டெஸ்லா. போனில் இருக்கும் திசைகாட்டி சென்சார் மைக்ரோ டெஸ்லாவில்தானே காட்டும், அளந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மர ஸ்டூல் மேல் போனை வைத்து, மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். 40.5 காட்டியது. அது பூமியின் காந்தப்புலம். பெட்டியை எடுத்துவிட்டு, போனைத் தொடாமல் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 43.3. வித்தியாசம் 2.8.

கணக்கில் 2.76, போனில் 2.8. வெயிலின் காந்தப்புலத்தைத்தான் அளந்துவிட்டேனா? தங்கச்சி இதைப் பள்ளியில் காட்ட வேண்டும் என்கிறாள். அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

பவானி_மாணவன்

அண்ணா, முதலில் கணக்கிலேயே தப்பு இருக்கிறது. செறிவு என்பது ஆற்றல் அடர்த்தியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வருவது. மின்புலத்தில் பாதி ஆற்றல், காந்தப்புலத்தில் பாதி ஆற்றல், இரண்டையும் கூட்டினால் ε₀E². ஆகவே I = ε₀cE². அந்த 2 எங்கிருந்து வந்தது?

அதை எடுத்துவிட்டால் E = √(376.7 × 910) = 585. காந்தப்புலம் 1.95 மைக்ரோ டெஸ்லா. அப்படியானால் போன் காட்டிய 2.8 எதோடும் பொருந்தவில்லை.

---

நொய்யல்கரை

தம்பி பவானி, நீங்கள் எழுதிய சமன்பாடு தப்பில்லை. ஆனால் அதில் இருக்கும் E அந்தந்த நொடிப்பொழுதின் மதிப்பு. அலை ஏறி இறங்கும்போது E² பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே ஆடும், அதன் சராசரி உச்சத்தில் பாதி. பைரனோமீட்டர் சராசரியைத்தான் காட்டுகிறது. அந்தப் பாதிதான் கீழே 2 ஆக வந்து நிற்கிறது.

விசைத்தறிக்கு வரும் கரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் என்கிறோம். அது ஆர்எம்எஸ். ஒயரில் உச்சம் 325 வரை போய் வருகிறது. அதே உறவுதான் இங்கேயும். 585 ஆர்எம்எஸ், 828 உச்சம். வீச்சு என்று கேட்டால் 828, 2.76. ஆகவே தாராபுரம் தம்பி போட்ட கணக்கு சரி.

போன் விஷயம் வேறு. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். பெட்டியை எடுத்தவுடனே எண் 43க்குத் தாவியதா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா? வெயில் பட்டவுடன் ஒளி முழுசாக வந்துவிடும். அதன் புலத்தைத்தான் சென்சார் படிக்கிறது என்றால், முதல் நொடியிலேயே தெரிந்திருக்க வேண்டும். மெல்ல ஏறியிருந்தால் அது சூடு. சென்சாரும், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் காந்தமும் சூடேறும்போது இரண்டு மூன்று மைக்ரோ டெஸ்லா நகர்வது பெரிய விஷயமில்லை.

சோதிக்க வழி இருக்கிறது. போன் நன்றாகச் சுட்ட பிறகு மறுபடி பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். வெளிச்சம் அந்தக் கணமே போய்விடும், சூடு போகாது. எண் எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள்.

---

ஊத்துக்குளி_காடு

ஏனுங்க, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் தோட்டத்துப் போருக்குச் சோலார் மோட்டார் போட்டிருக்கிறோம். பேனல் இரண்டு மீட்டர் நீளம் வரும். நீங்கள் மீட்டருக்கு 828 வோல்ட் என்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு பேனலிலேயே 1600 வோல்ட்டுக்கு மேல் வரணுமே? பின்னால் ஒட்டியிருப்பது வெறும் 49 வோல்ட். பாக்கி எங்கே போகிறது? எங்களுக்கு மட்டமான பேனலைக் கொடுத்துவிட்டார்களா?

---

தாராபுரம்_சோலார்

அண்ணா, உங்கள் பேனல் நல்ல பேனல்தான், பயப்படாதீர்கள். 49 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் வேலை, அதனால் நானே சொல்கிறேன். உள்ளே 72 செல் வரிசையில் இருப்பதுபோல் கணக்கு. சுமை இல்லாதபோது ஒவ்வொன்றும் 0.68 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். பெருக்கினால் 49. அந்த 0.68 சிலிக்கானுக்குள் இருக்கும் சந்திப்பின் குணம், பேனலின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

828 என்பது ஒரு நொடிக்குப் பல லட்சம் கோடி தடவை திசை மாறுகிற புலம். அரை மைக்ரோ மீட்டர் தூரத்துக்குள் ஒரு அலை முடிந்துவிடும். பேனலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் கழிந்து ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மீட்டரால் பெருக்க முடியாதது அதனால்தான்.

நொய்யல்கரை அம்மா, நீங்கள் சொன்னபடி நாளைக்குச் செய்து பார்க்கிறேன். யோசித்தால் எண் மெல்லத்தான் ஏறிய மாதிரி ஞாபகம்.

---

தாராபுரம்_சோலார்

இன்று செய்தேன். விவரமாக எழுதுகிறேன்.

பெட்டியை எடுத்த முதல் நிமிஷம் 40.5, 40.6 என்றே நின்றது. ஐந்தாவது நிமிஷம் 41.4. பன்னிரண்டாவது நிமிஷம் 43. போனைத் தொட்டால் கை சுட்டது. அப்போது பெட்டியைக் கவிழ்த்து, கீழே ஒரு ஓரத்தில் போட்டிருந்த ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தேன். 43 அப்படியே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் 42க்கு வந்தது.

அப்புறம் இன்னொன்று செய்தேன். வேப்பமரத்து நிழலில், வெயிலே படாமல், ரப்பர் வெந்நீர்ப் பையை ஸ்டூலில் வைத்து அதன் மேல் போனை வைத்தேன். பத்து நிமிஷத்தில் 2 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் ஏறிவிட்டது.

ஆக நான் அளந்தது போனின் சூட்டைத்தான். 2.76க்கும் 2.8க்கும் பொருந்தியது தற்செயல். தங்கச்சிக்கு முதலில் வருத்தம். வெந்நீர்ப் பை விஷயத்தையும் சேர்த்தே பள்ளியில் காட்டப்போகிறேன் என்று இப்போது சொல்கிறாள்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. 2.76 நிஜமாகவே அங்கே இருக்கிறது என்றால், சென்சார் ஏன் கொஞ்சம்கூடக் காட்டவில்லை? 0.1 மைக்ரோ டெஸ்லா வித்தியாசத்தைக்கூட அது காட்டுகிறதே.

---

நொய்யல்கரை

தங்கச்சியிடம் சொல்லுங்கள், அந்த வெந்நீர்ப் பைதான் இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

போன் சென்சார் நொடிக்கு ஐம்பது, நூறு தடவை ஒரு எண் கொடுக்கும். பச்சை ஒளி நொடிக்கு 5.5 × 10¹⁴ தடவை ஆடுகிறது. சென்சார் ஒரு எண்ணைக் கொடுப்பதற்குள் புலம் அஞ்சு லட்சம் கோடி தடவைக்கு மேல் முன்னும் பின்னும் போய் வந்துவிடும். ஏறின அளவுக்கு இறங்கியும் இருக்கும். சராசரி பூஜ்யம். பூமியின் 40 ஒரே திசையில் நிற்பதால் தெரிகிறது. அளவு மட்டும் வைத்துப் பார்த்தால் வெயிலின் புலம் பூமியுடையதில் பதினாலில் ஒரு பங்கு, சின்னது இல்லை. அதன் அவசரம்தான் அதை மறைக்கிறது.

தவிர, போனின் உறைக்குள் வெயில் போவதே இல்லை. சென்சார் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

---

கணபதி_பட்டறை

கோயம்புத்தூர் கணபதியில் ஷீட் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். 3 கிலோவாட் ஃபைபர் லேசர். நீங்கள் வெயிலுக்குப் போட்ட அதே கணக்கை எங்கள் கற்றைக்குப் போட்டால் எவ்வளவு வரும்? ஃபைபரின் உள்விட்டம் 50 மைக்ரான், கொலிமேட்டர் லென்ஸ் 100, ஃபோகஸ் லென்ஸ் 200. ஆக, குவியும் இடத்தில் புள்ளி 50ஐப் போல இரண்டு மடங்கு, 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லி.

---

தாராபுரம்_சோலார்

நான் போட்டுப் பார்க்கிறேன் அண்ணா. பரப்பு 3.14 × (0.1 மில்லி)² = 3.14 × 10⁻⁸ சதுர மீட்டர். 3000ஐ அதால் வகுத்தால் 9.55 × 10¹⁰ வாட். வேர் எடுத்தால் E0 = 8.5 × 10⁶. மீட்டருக்கு 85 லட்சம் வோல்ட்!

---

நொய்யல்கரை

தம்பி, அவசரத்தில் விட்டத்தை ஆரமாகப் போட்டுவிட்டீர்கள். லேசர் கணக்கில் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். பொருள் வாங்கும் இடத்தில் எல்லோரும் விட்டத்தைச் சொல்வார்கள், சூத்திரம் ஆரத்தைக் கேட்கும். பரப்பு நாலு மடங்கு கூடிவிட்டதால் செறிவு நாலில் ஒன்றாகி, புலம் பாதியாகிவிட்டது. சரியாக:

```
r  = 0.05 mm = 5 × 10⁻⁵ m
A  = π r² = 7.85 × 10⁻⁹ m²
I  = 3000 / A = 3.8 × 10¹¹ W/m²
E0 = √(2 × 376.7 × I) = 1.7 × 10⁷ V/m
B0 = E0 / c = 0.057 T
```

ஒரு கோடியே எழுபது லட்சம் வோல்ட், ஒரு மீட்டருக்கு. காந்தப்புலம் பூமியுடையதைப் போல 1400 மடங்கு. வெயிலைவிடச் செறிவு 40 கோடி மடங்கு, ஆனால் புலம் இருபதாயிரம் மடங்குதான். வேர் எடுப்பதால் புலம் அப்படி மெல்லத்தான் ஏறும்.

இதுவும் புள்ளி முழுக்க ஒரே சீராக இருப்பதாக வைத்துப் போட்டது. சாதாரண லேசர் பாயின்டரில் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கியும் இருக்கும். அதில் கற்றையின் ஆரம் என்று வழக்கமாகச் சொல்வதை வைத்துப் போட்டால், நட்டநடுவில் செறிவு இந்தச் சராசரியைப் போல இரண்டு மடங்கு, புலம் 1.4 மடங்கு.

---

கணபதி_பட்டறை

இப்போதுதான் எனக்குக் குழப்பம் வருகிறது மேடம். பட்டறையில் ஸ்பாட் வெல்டிங், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் பார்த்தவன் நான். காற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு 30 ஆயிரம் வோல்ட் வந்தால் பொறி தாவிவிடும் என்று சொல்வார்கள். மீட்டருக்கு 30 லட்சம். உங்கள் கணக்கில் அதைப் போல ஐந்தரை மடங்கு வந்துவிட்டது. தகடு வைக்காமல் கற்றையை விட்டால் குவியும் இடத்தில் காற்று சும்மாதான் இருக்கிறது. ஒரு பொறிகூட இல்லை.

---

பவானி_மாணவன்

அப்படியானால் புள்ளி 0.1 மில்லி இல்லை என்றுதானே அர்த்தம்? பொறி வரவில்லை என்றால் புலம் 30 லட்சத்துக்குக் கீழே. பின்னோக்கிப் போட்டால் விட்டம் அரை மில்லிக்கு மேல் இருக்க வேண்டும்.

---

கணபதி_பட்டறை

தம்பி, தகட்டில் வெட்டு அகலத்தை நானே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருக்கிறேன். 1 மில்லி தகட்டில் வெட்டு 0.15 மில்லிக்குள்தான். அரை மில்லிப் புள்ளி அப்படி வெட்டாது.

---

நொய்யல்கரை

பட்டறை அண்ணன் அளந்ததை நம்பலாம். தப்பு அந்த 30 லட்சத்தை இங்கே கொண்டுவந்ததில் இருக்கிறது. அது ஒரே திசையில் நிற்கிற புலத்துக்கு உரிய எண்.

காற்று உடைவது எப்படி என்று பாருங்கள். எங்கோ ஒரு எலக்ட்ரான் தனியாகத் திரிகிறது. புலம் அதை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. அது வேகம் பிடித்து ஒரு மூலக்கூறின் மேல் மோதி இன்னொரு எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. இரண்டு நாலாகி, நாலு எட்டாகிப் பொறி வெடிக்கிறது. வேகம் பிடிக்க அதற்கு ஓட இடம் வேண்டும்.

உங்கள் லேசரின் அலைநீளம் 1.07 மைக்ரான் அளவில் இருக்கும். புலம் ஒரு திசையில் நிற்பது 1.8 × 10⁻¹⁵ நொடி மட்டும். அதற்குள் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் ஆடும்? eE₀/(mω²) என்று போட்டால் 10⁻¹² மீட்டர். அணுவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு. ஓடத் தொடங்குவதற்குள் திரும்பி இழுக்கப்படுகிறது. அந்த ஆட்டத்தில் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூலக்கூறைப் பிய்க்க அதற்குப் பன்னிரண்டு எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

கற்றை பலமாக இருந்தால் லேசரிலும் காற்று வெடிக்கும். நானோ நொடித் துடிப்பு லேசர்களைக் குவித்தால் டப்பென்ற சத்தத்தோடு பொறி வரும். அதற்கு உங்களுடையதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் செறிவு தேவை.

---

கணபதி_பட்டறை

புரிகிறது மேடம். ஆனால் ஸ்டெயின்லெஸ் தகட்டைத் துளைக்கும்போது நாசிலுக்குக் கீழே நீல வெளிச்சம் வருகிறது. எங்கள் பையன்கள் அதை பிளாஸ்மா என்கிறார்கள். அது காற்று உடைவது இல்லையா?

---

நொய்யல்கரை

அங்கே உருகிக் கொதித்த உலோகத்தின் ஆவி இருக்கிறது. ஆவி ஏற்கெனவே கடும் சூட்டில் இருப்பதாலும், உலோக அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்ப்பது சுலபம் என்பதாலும் அது ஒளிர்கிறது. வெறும் சூட்டில் ஒளிர்வது எவ்வளவு, நிஜமாகவே பிளாஸ்மா ஆனது எவ்வளவு என்பதை அந்த வெளிச்சத்தை நிறம் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

---

பவானி_மாணவன்

லேசருக்கு ஒப்புக்கொள்கிறேன். வெயிலுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. லேசர் ஒரே நிறம், அதனால் ஒரே வீச்சோடு ஆடும். வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஆடும்போது "இதுதான் வீச்சு" என்று 828ஐ எப்படிச் சொல்வது? 325 வோல்ட் உதாரணம் ஒரே அதிர்வெண் உள்ள கரண்டுக்குத்தானே?

---

நொய்யல்கரை

இது நல்ல கேள்வி தம்பி. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வெயிலில் ஒரு புள்ளியில் நின்று புலத்தைப் பார்க்க முடிந்தால், சீரான அலை தெரியாது. சில ஃபெம்டோ நொடிகளுக்குள், அதாவது ஓரிரண்டு ஆட்டத்துக்குள், வீச்சும் திசையும் மாறிவிடும். ஒரு சமயம் 300, அடுத்து 1100, அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று போகும். உறுதியாகச் சொல்லக்கூடியது நீங்கள் முதலில் சொன்ன 585தான், ஏனென்றால் அது ஆற்றலிலிருந்து நேராக வருகிறது, எத்தனை நிறம் கலந்தாலும் மாறாது. 828 என்பது அதே செறிவுள்ள ஒரே நிற அலை ஒன்று இருந்தால் அதன் உச்சம். இதை முதல் பதிலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

தேர்வில் வீச்சு என்று கேட்டால் 828ஐத்தான் எதிர்பார்ப்பார்கள். தங்கச்சி அதையே எழுதட்டும்.

---

ஊத்துக்குளி_காடு

ஒரு சந்தேகம்ங்க. மேகம் மூடிய நாளில் மோட்டார் தண்ணீர் கொஞ்சம்தான் தூக்கும். அந்த நாளில் இந்த 585 எவ்வளவு ஆகும்?

---

தாராபுரம்_சோலார்

அண்ணா, போன வாரம் மேகம் மூடியபோது சைட்டில் 230 காட்டியது. 910இல் கிட்டத்தட்ட நாலில் ஒன்று, ஆகவே புலம் பாதி. 294 வருகிறது. உங்கள் மோட்டாருக்குப் போகும் பவர் நாலில் ஒன்றாகிவிடும், புலம் மட்டும் பாதி மிஞ்சும்.

---

பவானி_மாணவன்

அந்த 294 சரியா அண்ணா? மேகமூட்டத்தில் வெளிச்சம் வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. சாய்ந்து வரும் ஒளியைப் படுக்கை வசமான பைரனோமீட்டர் குறைத்துத்தானே எண்ணும்? நீங்கள் போட்ட சூத்திரம் ஒரே திசையில் வரும் கற்றைக்கானது.

---

நொய்யல்கரை

சபாஷ். வானம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் என்று வைத்தால், பைரனோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கைச் சூத்திரத்தில் போட வேண்டும். 294க்குப் பதில் 416 வரும்.

இதே சிக்கல் அந்த 910லும் ஒளிந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு நீல வானத்திலிருந்து சிதறி வருவது. தாராபுரம் தம்பி, முடிந்தால் உச்சி வேளையில் ஒரு குச்சி நுனியில் சின்ன வட்டத் தட்டைக் கட்டி, அதன் நிழல் பைரனோமீட்டரின் கண்ணாடிக் குமிழை மட்டும் மூடும்படி தூரத்திலிருந்து பிடியுங்கள். நேர்வெயில் மறைந்தால் மீதி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம்.

---

தாராபுரம்_சோலார்

பிடித்துப் பார்த்தேன் அம்மா. மூடாதபோது 905, மூடினால் 140க்கு வந்து நின்றது. நேர்வெயில் 765, சிதறியது 140. நீங்கள் சொன்னபடி சிதறியதை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் 1045. ஆர்எம்எஸ் 627 வருகிறது. நேராகப் போட்டால் 584தான்.

ஆனால் சூரியனைச் சுற்றி வானம் வெள்ளையாகவும், அடிவானத்துப் பக்கம் வேறு மாதிரியும் இருந்தது. ஒரே சீர் என்று சொல்ல மனசு வரவில்லை. தட்டு கொஞ்சம் பெரிதாக இருந்ததால் அந்த வெள்ளையிலும் ஒரு பகுதி மறைந்திருக்கும். நாளைக்குச் சின்னத் தட்டோடு மறுபடி எடுக்கிறேன்.

---

பவானி_மாணவன்

குமிழிலிருந்து தட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தது, விட்டம் எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள் அண்ணா. வானத்தில் எத்தனை டிகிரி மறைந்தது என்று நான் கணக்குப் போட்டு வைக்கிறேன்.